மலை ஏறும்போது 110-ஐத் தாண்டாத பல்ஸ்: இரண்டு வருட வாட்ச் அனுபவம்

ஞாயிறுதோறும் மருந்துவாழ் மலை ஏறுவேன். வயது 58. பல்ஸ் காட்டும் வாட்சை இரண்டு வருடமாகக் கட்டுகிறேன். முதலில் மேலே போய்ச் சேரும்போது 140-ஐத் தொடும். போன வருடம் 110-லேயே நின்றுவிட்டது. பாதி வழியில் கால் சோர்ந்து மூச்சு வாங்கியது. கூட வரும் தம்பி, "வயசாகுது அண்ணாச்சி, மெதுவா ஏறுங்க" என்றான்.

வாட்ச் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பட்டை தளர்ந்திருந்தாலும் கை வியர்த்தாலும் மணிக்கட்டு வாட்ச் தப்பாகக் காட்டும். அதனால் நின்ற உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன். 108 வந்தது. வாட்ச் மேல் தப்பில்லை.

நாகர்கோவிலில் இதய டாக்டரைப் பார்த்தேன். டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார். ஓய்வில் 62, இனி முடியாது என்ற நிலையில் 122. 220-இல் வயதைக் கழித்தால் எனக்கு உச்சம் 162. ஆக 62-இலிருந்து நூறு துடிப்பு ஏற இடமிருக்கிறது. நான் ஏறியது அறுபதுதான். ஏற இடமிருப்பதில் 80 சதவீதத்துக்குக் கீழே ஏறினால், உழைப்புக்கு ஏற்றபடி துடிப்பு ஏறவில்லை என்று அர்த்தம்; அதைக் குரோனோட்ரோபிக் இன்காம்பிடென்ஸ் என்கிறார்கள். முட்டி வலித்து டிரெட்மில்லிலிருந்து பாதியில் இறங்கியிருந்தால் இந்தக் கணக்கே செல்லாது என்றும் சொன்னார்.

ரத்தக்குழாய் அடைப்பு, இதயத்தின் இயற்கையான பேஸ்மேக்கர் பலவீனம், தைராய்டு என்று காரணம் பல இருக்கலாம். எக்கோ, 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர், தைராய்டு ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தார். டிரெட்மில் இசிஜியையும் பார்த்தார். எதிலும் குறை இல்லை. மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றேன். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "கண்ணுக்கு ஏதாவது ஊத்துறீங்களா சார்?"

ஊற்றுகிறேன்! கண் அழுத்த நோய்க்கு டைமோலால் சொட்டு, காலையும் இரவும், ஒரு வருடமாக. அது பீட்டா பிளாக்கர். கண்ணின் உள்மூலை வழியாக மூக்குக்குள் இறங்கி நேராக ரத்தத்தில் கலக்கிறது. பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் போலவே இதயத்தை அடக்கிப் பிடிக்கும். சொட்டு மருந்தை நான் மருந்தாகவே எண்ணியதில்லை.

உடனே நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கண் அழுத்தம் ஏறினால் பார்வை போகும்; போன பார்வை திரும்ப வராது. கண் டாக்டரே வேறு வகைச் சொட்டுக்கு மாற்றி, சில வாரம் கழித்துக் கண் அழுத்தத்தைப் பார்த்துச் சரி என்றார். ஊற்றியதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். அப்படிச் செய்தால் ரத்தத்துக்குப் போவது குறையும்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு மறுபடி டிரெட்மில். ஓய்வில் 68, உச்சத்தில் 146. 94 ஏறலாம் என்ற இடத்தில் 78 ஏறியிருக்கிறது, 83 சதவீதம். போன ஞாயிறு மலை உச்சியில் வாட்ச் 141 காட்டியது. கழுத்தில் எண்ணிப் பார்த்தேன், 140.