புளொக் கல்லா, ஃபோம் அச்சுச் சுவரா? வெள்ளவத்தைப் பக்கம் ஒரு 6 பேர்ச் காணிக்கு

தம்பி வீடு கட்டப் போறான், சுவர் முழுக்க ஐசிஎஃப்ல போடுவம் எண்டு ஒற்றைக் காலில நிண்டான், அதால ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாத்தன்.

ஐசிஎஃப் எண்டா ரெண்டு பக்கமும் ரெண்டரை இஞ்சி ரிஜிஃபோம் பலகை, நடுவில பிளாஸ்டிக் பட்டி பிடிச்சு வைச்சிருக்கும். அதை ஒண்டுக்கு மேல ஒண்டு பொருத்தி, உள்ளுக்க கம்பி கட்டி, 6 இஞ்சி இடைவெளியில கொங்கிரீட் ஊத்திறது. அச்சைக் கழட்டிறதில்ல, ஃபோம் சுவரோடயே நிக்கும்.

வெக்கையில புளொக் கல்லு கிட்டவும் வராது. பூச்சுப் பூசின 6 இஞ்சிக் கல்லுச் சுவரால வாற வெக்கையில ஏழெட்டில ஒரு பங்குதான் இதால வரும். பின்னேரம் மேற்குச் சுவரில உள்பக்கம் கை வச்சா சுடுமே, அது இதில இல்ல. ஆனா அந்த லாபம் ஏசி போடுற அறைக்குத்தான். யன்னலைத் திறந்து வைச்சிருக்கிற ஹோலுக்கு வெளிக்காத்துத்தானே உள்ள வருது, மேல கூரைத் தகடு காஞ்சு கொதிச்சா சுவர் என்ன செய்யும்?

இடக் கணக்கையும் பாருங்கோ. கல்லுச் சுவர் பூச்சோட 7 இஞ்சி, இது பூச்சு, ஜிப்சம் பலகை எல்லாம் சேர்த்து 12 இஞ்சி. 30க்கு 35 அடி வீட்டுக்குச் சுத்தளவு 130 அடி, அப்ப ஒரு மாடிக்கே 50 சதுர அடிக்கு மேல சுவருக்குள்ள போயிடும். கொழும்பில அது ஒரு சின்ன அறை.

எனக்கு உண்மையில பயம் கொங்கிரீட் ஊத்திற நாள்தான். ஒரே மூச்சில மேல வரைக்கும் ஊத்தினா மூலையிலயும் வெட்டி ஒட்டின துண்டிலயும் ஃபோம் வயிறு தள்ளி வெடிக்கும், அதால மூண்டு நாலு அடி ஊத்தி, வீட்டைச் சுத்தி வந்து, பிறகுதான் அடுத்த தட்டு. யன்னலுக்குக் கீழ கொங்கிரீட் தானா ஓடிப் போகாது, யன்னல் சட்டத்தின்ர அடிப்பலகையில ஓட்டை விட்டு அதுக்குள்ளால ஊத்தி வைபிரேட்டர் விடோணும். கல்லுச் சுவரில ஓட்டை கண்ணுக்குத் தெரியும், பாஸ் சாந்து வச்சு அடைச்சிடுவார். இதில ஃபோம் மூடி மறைச்சிடும். சந்தேகமான இடத்தில மெல்லிய கம்பியால ஃபோமைக் குத்திப் பாருங்கோ, ரெண்டரை இஞ்சியில டக்கெண்டு நிண்டா சரி, அதுக்கு மேல போனா உள்ள வெறும் குழி.

கறையானும் அப்பிடித்தான், ஃபோமுக்குள்ளால வழி எடுத்தா வெளியில மண்கோடு தெரியாது. நிலமட்டத்துக்கு மேல ஒரு அரை அடி கொங்கிரீட் தெரியிற மாதிரி விட்டிட்டு, அங்க இருந்துதான் ஃபோமைத் தொடங்கோணும்.

கடைசியா தம்பிக்குச் சொன்னது, மேற்குப் பக்கம் மேல்மாடியில இருக்கிற ரெண்டு ஏசி படுக்கையறையின்ர வெளிச்சுவருக்கு மட்டும் இதைப் போடு, அதையும் கீழ பீம் தாங்குமா எண்டு எஞ்சினியரிட்டக் கேட்டிட்டுப் போடு, மிச்சம் புளொக் கல்லு. மிஞ்சிற காசில கூரைக்குக் கீழ இன்சுலேஷன் போடு.