மீளும் தடுப்பானா, மீளாத் தடுப்பானா: நொதி எப்போது விடுபடுகிறது?

நரம்பின் சைகையைத் தசைக்கும் சுரப்பிகளுக்கும் கடத்தும் பொருள் அசிட்டைல்கோலின். பைலோகார்பின் மாதிரி மருந்துகள் அதன் ஏற்பிகளை நேராகவே தூண்டிவிடும், அவற்றை இங்கே விட்டுவிடலாம். குழப்பம் வருவது அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுக்கும் மருந்துகளில்தான். மீளும் வகை, மீளா வகை இரண்டும் பிடிப்பது அதே நொதியைத்தான், பெரும்பாலும் அதிலுள்ள அதே செரின் அமினோ அமிலத்தைத்தான். எவ்வளவு நேரத்தில் விடுகின்றன என்பதில்தான் எல்லாமே.

எட்ரோபோனியம் செரினோடு வேதிப்பிணைப்பே போடாமல் சில நிமிடங்களில் விலகிவிடும். நியோஸ்டிக்மின், பைரிடோஸ்டிக்மின் போன்ற கார்பமேட்டுகள் பிணைப்புப் போடும், ஆனால் தண்ணீர் மெதுவாக அதை அறுத்துவிடும், சில மணி நேரத்தில் நொதி திரும்பிவிடும். அதனால்தான் தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிக்கு பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை ஒரு நாளில் பல வேளை தர வேண்டியிருக்கிறது. அளவு கூடிவிட்டால் அடுத்த வேளையைத் தள்ளிப்போடவும் முடிகிறது. அறுவைக்குப் பிறகு, மருந்தால் உண்டான தசைத்தளர்வை நீக்க நியோஸ்டிக்மின் கிலோவுக்கு 0.07 மி.கி. வரை போடுவார்கள், கூடவே இதயத்துடிப்பு சரியாமல் இருக்க கிளைக்கோபைரோலேட். தளர்வு ஆழமாக இருந்தால் மட்டும் நியோஸ்டிக்மினை எவ்வளவு ஏற்றினாலும் பலன் இல்லை.

மீளா வகை என்றால் ஆர்கனோபாஸ்பேட்டுகள். இவை ஒட்டவைக்கும் பாஸ்பேட்டைத் தண்ணீரால் சட்டென்று பிரிக்க முடியாது, புது நொதி உருவாகப் பல வாரம் ஆகும். மருத்துவத்தில் இவற்றுக்கு இடம் ரொம்பக் குறைவு. கண் அழுத்தத்துக்கான எக்கோதியோபேட் சொட்டு மருந்து இருந்தது, ஆனால் அதைப் போட்டுவந்தவருக்கு அறுவையில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கொடுத்தால் மூச்சு திரும்பவே நெடுநேரம் ஆகலாம்.

மற்றபடி நாம் இவற்றைப் பார்ப்பது விஷமாகத்தான். பாரத்தியான் பூச்சிக்கொல்லி குடித்தவர் வருகிறார் என்று வையுங்கள்: கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வாயில் நுரை, நெஞ்சில் கரகரப்பு. அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் அட்ரோபின் 2 மி.கி. போட்டு ஐந்து நிமிடம் பார்த்து, போதாவிட்டால் 4, அப்புறம் 8 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். கண்மணியைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள், நெஞ்சு தெளிகிறதா என்று ஸ்டெத்தை வைத்துக் கேளுங்கள். ஆனால் அட்ரோபின் தசைப் பலவீனத்தைத் தொடாது, நெஞ்சு தெளிந்த பிறகும் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகலாம், அதனால் வென்டிலேட்டர் தயாராக இருக்க வேண்டும்.

பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்து நொதியில் ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கும், ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான். ஒட்டிய பாஸ்பேட் ஓர் ஆல்கைல் தொகுதியை இழந்து இறுகிவிட்டால் பிராலிடாக்சிமால் ஒன்றும் செய்ய முடியாது. சோமன் என்ற நரம்பு நச்சு ஆயுதத்தில் இது சில நிமிடங்களில் நடக்கும், டைஎதில் பூச்சிக்கொல்லிகளில் ஒரு நாளுக்கும் மேல் அவகாசம் உண்டு. இருந்தும் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் பிராலிடாக்சிமின் பலன் சீராகத் தெரியவில்லை, ஆகவே அட்ரோபினையும் மூச்சையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம், இரண்டு வகையும் மோதும் இடம். சோமன் தாக்குதலுக்கு முன்கூட்டியே வீரர்களுக்கு பைரிடோஸ்டிக்மின் 30 மி.கி. எட்டு மணிக்கு ஒருமுறை தர 2003-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது. நொதியில் ஒரு பங்கை மீளும் மருந்து முன்னமே பிடித்துவைத்துக்கொள்ளும், சோமனால் அதைத் தொட முடியாது, பிறகு அந்தப் பங்கு தானாக விடுபட்டு வேலைக்கு வரும். தாக்குதல் நடந்ததும் அட்ரோபினும் பிராலிடாக்சிமும் கொடுக்காவிட்டால் இந்த மாத்திரை மட்டும் காப்பாற்றாது.