பத்து ரூபாய் வந்த வழி, 1,990 ரூபாய் போன வழி

கோட்டையூரில் எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பலகாரம் சுட்டுக் கொடுக்கிறார். கைமுறுக்கு, தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எல்லாம் வீட்டிலேயே செய்வார். கல்யாணத்துக்கும் வீடு குடிபோவதற்கும் வெளியூரிலிருந்து போனில் ஆர்டர் வரும். 2024-இல் ஒரு நாள் அப்படி ஒரு போன் வந்தது. 300 கைமுறுக்கு வேண்டும், முன்பணமாக 2,000 ரூபாய் இப்போதே போடுகிறேன் என்று ஒருவர் பேசினார்.

"நம்பர் சரிதானா என்று பார்க்க முதலில் பத்து ரூபாய் போடுகிறேன் ஆச்சி" என்றார். போட்டார், வந்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில், "மீதி 1,990 அனுப்பியிருக்கேன். தொகை கொஞ்சம் பெரிசு, அதனால நீங்க ஏத்துக்கணும். திரையில் வரும், அமுக்கிட்டு பின் நம்பரைப் போடுங்க" என்றார். ஆச்சி போட்டார். பணம் வரவில்லை. வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்திதான் வந்தது. போனில் இருந்தவர் விடவில்லை. "ஏதோ கோளாறு, இன்னொரு தடவை செய்யுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்" என்றார். நல்லவேளையாக ஆச்சி அந்த அழைப்பைத் துண்டிக்காமலேயே போனை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியும்.

ஆச்சி போனில் இருந்த யுபிஐ செயலியின் கணக்கு வரலாற்றில் இரண்டு வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. ஒன்று உள்ளே வந்த பத்து ரூபாய். இன்னொன்று வெளியே போன 1,990 ரூபாய். இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள்தான், ஆச்சியும் அதே போனில்தான் பார்த்தார், ஆனால் வழி வேறு. இந்த இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே விஷயம் முழுக்கப் புரிந்துவிடும்.

பத்து ரூபாய்

இது அவர் தாமே அனுப்பியது. அவர் தன் போனில் ஆச்சியின் நம்பரைத் தட்டினார், தொகையைப் போட்டார், தன் பின் நம்பரை அழுத்தினார். அவருடைய வங்கியில் பத்து ரூபாய் கழிந்து ஆச்சியின் வங்கியில் ஏறியது. இதில் ஆச்சி செய்தது என்ன? ஒன்றுமே இல்லை. போன் அடுக்களை மேடையில் கிடந்தது. அது அணைந்து கிடந்திருந்தாலும் பணம் ஏறியிருக்கும், செய்தி மட்டும் பிறகு தெரிந்திருக்கும்.

பணம் வாங்குகிறவரிடம் யுபிஐ கேட்பது விலாசம் ஒன்றுதான். அது போன் நம்பராக இருக்கலாம், யுபிஐ முகவரியாக இருக்கலாம், கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டமாகவும் இருக்கலாம். வாங்குகிறவரின் ஒப்புதல் என்று ஒரு படியே அந்த ஏற்பாட்டில் கிடையாது. பத்து ரூபாய்க்கும் கிடையாது, பத்தாயிரத்துக்கும் கிடையாது. "தொகை பெரிசு, நீங்க ஏத்துக்கணும்" என்ற பேச்சு அங்கேயே பொய்யாகிவிடுகிறது.

1,990 ரூபாய்

இதில் அந்த ஆள் எதையும் அனுப்பவில்லை. ஆச்சியிடமிருந்து 1,990 ரூபாய் வேண்டும் என்று கேட்டு ஒரு கோரிக்கை விட்டார். யுபிஐயில் இதற்கு கலெக்ட் ரிக்வெஸ்ட் என்று பெயர். வசூல் கேட்பு என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். இதை விடுவதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஆச்சியின் விலாசம் மட்டும்தான். அவருடைய பின் நம்பர்கூட வேண்டாம், ஏனென்றால் அவர் கணக்கிலிருந்து எதுவும் போகப்போவதில்லை.

கேட்பு யுபிஐயின் பொது வலையைக் கடந்து ஆச்சியின் செயலிக்கு வந்து நிற்கிறது. அங்கே "இன்னார் 1,990 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேள்வி எழுகிறது. ஆச்சி சரி என்று அமுக்கியதும் பின் நம்பர் கேட்கும் பக்கம் திறக்கிறது. அந்தப் பின் நம்பர் ஆச்சியின் வங்கிக்குப் போகிறது, அது சரியாக இருந்தால் வங்கி ஆச்சியின் கணக்கில் கழிக்கிறது, அப்புறம் கேட்டவருடைய வங்கி அவர் கணக்கில் ஏற்றுகிறது.

ஆக, இரண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் பேச்சை யார் தொடங்குகிறார் என்பதில் மட்டும்தான். முதலாவதில் கொடுப்பவர் தொடங்குகிறார், இரண்டாவதில் வாங்குபவர் தொடங்குகிறார். பணம் கழிவதோ இரண்டிலும் பின் நம்பர் போட்டவர் கணக்கில்தான். கணக்கில் பணம் ஏற்றுவதற்குப் பின் நம்பர் கேட்கும் கட்டமே யுபிஐயில் எங்கும் இல்லை. இருப்பு பார்க்கவும், பின் நம்பரை மாற்றவும் அது வேண்டும். மற்றபடி, பணம் வெளியே போவதற்கு மட்டும்தான் அது வேண்டும்.

நம் பக்கத்துப் பழைய வழக்கம் ஒன்றைச் சொன்னபோதுதான் ஆச்சிக்கு இது சட்டென்று பிடிபட்டது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் உண்டியல் எழுதிப் பணம் நகர்த்தினார்கள். கோயில் உண்டியல் இல்லை, கடுதாசி உண்டியல். இந்தத் தொகையை இன்னாருக்குக் கொடுக்கவும் என்று ஒரு பெட்டிக்கு, அதாவது வட்டிக்கடைக்கு, எழுதிய சீட்டு அது. சீட்டு வந்து சேர்ந்ததும் அதை ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு பெட்டி சொன்னால், பணத்தை எண்ணி வைக்க வேண்டியது அந்தப் பெட்டிதான். ஏற்றுக்கொள்வது என்றால் கொடுக்க ஒப்புக்கொள்வது. "எங்க ஐயா உண்டியல் ஏத்துக்கிட்டாங்கன்னா பெட்டியத் தொறக்கணும்ல" என்றார் ஆச்சி. போனில் வந்ததும் அப்படி ஒரு சீட்டுதான், ஆச்சியின் பெட்டி மேல் எழுதப்பட்ட சீட்டு. ஏமாற்றுபவர் "ஏத்துக்கங்க" என்ற சொல்லை வரவு என்ற பொருளில் திருப்பிவிட்டார், ஆச்சிக்கு அது பரிசை ஏற்றுக்கொள்வதுபோல் கேட்டுவிட்டது.

திரையில் எதைப் படிப்பது

ஆச்சி படிக்கத் தெரியாதவர் இல்லை. அவர் படித்தது தவறான வரியை. கேட்போடு ஒரு சிறு குறிப்பு வரும். அந்தக் குறிப்பை எழுதுவது கேட்கிறவர். ஆச்சிக்கு வந்ததில் "முறுக்கு அட்வான்ஸ் 1990 வரவு" என்று இருந்தது. அது செயலி சொன்ன தகவல் இல்லை, எதிராளி தட்டச்சு செய்தது. அந்த இடத்தில் அவர் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அவரால் மாற்ற முடியாதவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, பொத்தானில் இருக்கும் சொல். பெரும்பாலும் Pay என்றும், பக்கத்தில் மறுப்பதற்கு Decline என்றும் இருக்கும். இன்னொன்று, பின் நம்பர் அடிக்கும் பக்கத்தின் மேல்பகுதி. அங்கே உங்கள் வங்கியின் பெயர், யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று இருக்கும். பின் நம்பர் அடிக்க எல்லார் விரலும் கீழே போகிறது, கண் மேலே போவதில்லை. அந்தப் பக்கத்தில் உங்கள் வங்கியின் பெயரைப் பார்த்தாலே போதும், கை வைக்கப்போவது உங்கள் கணக்கில் என்று தெரிந்துவிடும்.

ஆச்சிக்கு வந்த குறுஞ்செய்தியிலும் debited என்றுதான் இருந்தது. போனில் அந்த ஆள் பேசிக்கொண்டே இருந்ததால் அதைத் திறந்து பார்க்க அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை. இந்த வகை ஏமாற்றில் அழைப்பைத் துண்டிக்க விடாமல் பேசுவது முக்கால்வாசி வேலை.

வசூல் கேட்பு எதற்குத்தான் இருந்தது?

கெட்ட நோக்கத்தில் வைத்தது இல்லை அது. பயணச் சீட்டு வாங்கும்போதோ இணையக் கடையிலோ உங்கள் யுபிஐ முகவரியைத் தட்டியதும் அந்தக் கடை உங்களுக்குக் கேட்பு அனுப்பியது, நீங்கள் ஒப்புக்கொண்டு கொடுத்தீர்கள். அங்கே நாமே சாமான் வாங்கப் போயிருந்தோம், தொகையும் நமக்குத் தெரிந்திருந்தது, அதனால் குழப்பம் இல்லை. ஆளுக்கு ஆள் கேட்பதில்தான் தொல்லை இருந்தது. முதலில் அதற்கு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். ஆச்சியிடம் 1,990 கேட்டதற்கும், பிறகு தொகையை ஏற்றாமல் "இன்னொரு தடவை" என்று கேட்டதற்கும் காரணம் அந்த வரம்புதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 2025 ஜூலையில் யுபிஐயை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் சுற்றறிக்கை விட்டு, ஆளுக்கு ஆள் விடும் கேட்பை அந்த அக்டோபரிலிருந்து நிறுத்திவிட்டது. சரியான முடிவு என்பது என் எண்ணம். கொடுக்க வேண்டியவரிடம் "என் நம்பருக்குப் போடுங்க" என்று சொன்னாலே முடிகிற காரியம் அது. ஆனால் கடைக் கணக்கிலிருந்து வரும் கேட்பை அந்தச் சுற்றறிக்கை தடுக்கவில்லை. அதனால் முன்பின் தெரியாத ஒரு கடைப் பெயரில் கேட்பு வந்தால், நீங்கள் அந்த நிமிடம் எதையாவது வாங்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் மறுத்துவிடலாம்.

அந்தக் கதவு மூடியபின் அதே வித்தை கியூஆர் கட்டத்தில் தொடர்கிறது. "இதை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்பார்கள். அந்தக் கட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இப்படி ஒரு வரி:

```
upi://pay?pa=peyar@vangi&am=1990&cu=INR
```

இரண்டாவது சொல்லைப் பாருங்கள், pay. pa என்பது யாருக்கு, am என்பது எவ்வளவு. ஸ்கேன் செய்கிறவர் கொடுப்பவர், கட்டத்தைக் காட்டுகிறவர் வாங்குபவர். கடையில் தினமும் நாம் செய்வதும் இதைத்தான். தானாகக் கழியும் மாதாந்திர ஒப்புதலும் இதே இனம்தான். அதில் ஒரு தடவை பின் நம்பர் போட்டால் வரும் மாதங்களிலும் பணம் போய்க்கொண்டிருக்கும் என்பதால் அது இன்னும் கவனம் வேண்டியது.

போன பணம்

நாமே அனுப்பியதானாலும் கேட்டுக் கொடுத்ததானாலும், யுபிஐயில் போன பணத்தைக் கொடுத்தவர் தாமாகத் திரும்ப இழுக்க முடியாது. பின் நம்பர் போட்டதால் வங்கியின் கண்ணில் அது நீங்கள் ஒப்புக்கொண்டு கொடுத்த பணம். எதிராளி கணக்கில் அது இன்னும் கிடந்தால் முடக்கி வைக்க வழி உண்டு. அதற்குத்தான் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும், cybercrime.gov.in தளத்திலும் பதியலாம். அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க எண் செயலியின் விவரப் பக்கத்தில் இருக்கும், அதை எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் பேசினோம். அதற்குள் பணம் அந்தக் கணக்கைவிட்டு நகர்ந்திருந்தது. 1,990 ரூபாய் என்பது ஆச்சிக்கு இரண்டு நாள் அடுப்படியில் நின்ற கூலி.

இப்போது முன்பணம் பேசும்போது ஆச்சி ஒன்றே ஒன்று சொல்கிறார்: "நம்பருக்குப் போட்டுவிடுங்க தம்பி, நான் எதையும் அமுக்க மாட்டேன்." போன வாரம் காரைக்குடியிலிருந்து ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி இரண்டு கையிலும் மாவோடு முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். மாடத்தில் இருந்த போன் ஒரு தடவை மணி அடித்தது. 3,000 ரூபாய் வந்திருந்தது. ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த முறுக்கின் வாலைத் திருகி முடித்தார்.