ஏழு கிலோ போர்வையா, சுடுதண்ணிப் போத்தலா?

போன மார்கழியில் கொழுந்தன் துபாயிலிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே மூன்று சாமான்கள்: ஒரு எடைப் போர்வை, ஜெல் வைத்த குளிர்ச்சித் தலையணை, கையில் கட்டிக்கொண்டால் தூக்கத்தைக் கணக்கெடுக்கும் ஒரு பட்டி. மூன்றும் மாமிக்கு. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். இரவு ஒன்பதுக்குப் படுத்தால் பதினொன்று வரை கண் மூடுவதில்லை. "காலு ஐஸா இருக்குடி, தூக்கம் எங்க வரும்?" என்பார். நாங்கள் இருப்பது நானுஓயாப் பக்கம். தையில் விடியற்காலை புல்லில் வெள்ளையாய் உறைபனி படியும் ஊர்.

மாமி சொன்ன அந்த ஒரு வரியில்தான் விசயமே இருக்கிறது. தூக்கம் வருவதற்கு முன் உடம்பு தன் உள்சூட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டும். அந்தச் சூடு வெளியேறும் வாசல் கையும் பாதமும். அங்குள்ள ரத்தக்குழாய்கள் விரிந்தால் சூடான ரத்தம் தோலுக்கு வந்து சூட்டை வெளியே விடும். பாதம் சில்லிட்டுக் கிடந்தால் அந்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உள்சூடு உள்ளேயே நிற்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் இதை அளந்து பார்த்தார்கள். ஒருவர் எவ்வளவு சீக்கிரம் தூங்குவார் என்பதை முன்கூட்டிச் சொல்வதற்கு, கைகால் தோல் நடு உடம்போடு ஒப்பிட எவ்வளவு சூடாக இருக்கிறது என்ற அளவே நல்ல அடையாளமாக இருந்தது. பாதத்தைச் சூடாக்கினால் உள்ளே குளிரும், தூக்கம் வரும். கேட்க எதிர்மாறாக இருந்தாலும் உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. தூக்கத்துக்கென்று விற்கிற எந்தச் சாமானைப் பார்த்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: மலையகத்துக் குளிரில் இது பாதத்துக்கு என்ன செய்கிறது?

எடைப் போர்வையில் இருந்து தொடங்குகிறேன். சிறுசிறு கட்டங்களாகத் தைத்து ஒவ்வொன்றிலும் கண்ணாடி மணிகளை நிரப்பிய போர்வை அது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது விற்பவர்களின் கணக்கு. மாமி 46 கிலோ. அப்படிப் பார்த்தால் அவருக்கு நாலரைக் கிலோ போதும். வந்தது ஏழு கிலோ, அவர் எடையில் பதினைந்து சதவீதம். பக்கத்து மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற தராசில் தொங்கவிட்டுப் பார்த்தோம், ஏழே கால் காட்டியது. மாமி அதைப் பார்த்துவிட்டு, "கூடையில சுமந்தது போதாதா, படுக்கையிலயுமா?" என்றார்.

இந்தப் போர்வைக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. 2020-ல் சுவீடனில் 120 பேரை எடுத்தார்கள். எல்லோரும் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, இருமுனை மனநோய், கவனக்குறைவு மிகைச் செயற்பாடு போன்றவற்றோடு தூக்கமின்மையும் உள்ளவர்கள். பாதிப்பேருக்கு எட்டுக் கிலோச் சங்கிலிப் போர்வை, பாரம் தாங்காதவர்களுக்கு ஆறு கிலோ. மற்றப் பாதிக்கு ஒன்றரைக் கிலோ போர்வை. நாலு வாரம் கழித்துப் பார்த்தால், தூக்கமின்மைப் புள்ளி பாதியாகவோ அதற்கும் கீழேயோ குறைந்தவர்கள் கனமான போர்வைப் பக்கம் 59 சதவீதம், இலேசான பக்கம் 5 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் தன்மேல் கிடப்பது எட்டுக் கிலோவா ஒன்றரைக் கிலோவா என்று யாருக்கும் தெரியாமல் வைக்க முடியாது. புள்ளியும் அவரவர் வாயால் சொன்னது. அதனால் நம்பிக்கையும் அந்த எண்ணுக்குள் கொஞ்சம் கலந்திருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இங்கிலாந்தில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில் தூங்கிய நேரம் கூடவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. ஆக மொத்தம், மனப் பதற்றத்தால் தூக்கம் கெட்ட பெரியவர்களுக்கு உதவலாம் என்பதுவரை நம்பலாம். "எல்லோருக்கும் ஆழ்ந்த தூக்கம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதற்கு ஆதாரம் இல்லை.

மாமியின் பிரச்சினை பதற்றம் இல்லை, குளிர். அங்கேதான் இந்தப் போர்வை சறுக்கியது. இரவு அறை 12 பாகையில் இருந்தால் போர்வையின் ஏழு கிலோவும் 12 பாகைதான். அதை மேலே போட்டவுடன் உடம்புதான் அதைச் சூடாக்க வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு கிலோ கண்ணாடியை 30 பாகைக்குக் கொண்டுவர, சும்மா படுத்திருக்கும் உடம்பு விடுகிற முழுச் சூட்டையும் அதற்கே கொடுத்தாலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். முழுச் சூடும் அதற்கே போகாது என்பதால் உண்மையில் இன்னும் நேரம் எடுக்கும். அது வரைக்கும் ஈரத்துணி போர்த்தின மாதிரி இருந்ததாக மாமி சொன்னார். நடுராத்திரி கழிப்பறைக்குப் போக எழும்போது முட்டு வலியோடு அதைத் தள்ளிவிடுவதும், திரும்பி வந்து இழுத்துப் போடுவதும் பெரும்பாடு. அப்புறம் துவைப்பது. விடாத மழையும் மூட்டமுமாய் இருக்கிற மாதங்களில் ஏழு கிலோ ஈரம் எப்படிக் காயும்? ஒரு தடவை கழுவி அடுப்படிக் கொடியில் போட்டோம். நாலாம் நாளும் நடுக்கட்டங்களில் ஈரம், பூஞ்சை வாடை. வாங்குவதென்றால் கழற்றித் துவைக்கிற உறை தனியாக உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

யாருக்குக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தானாகத் தள்ளிவிட்டு எழ முடியாத யாருக்கும் கூடாது. கைக்குழந்தைக்கு எடை வைத்த போர்வையோ சுற்றுத்துணியோ வேண்டவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆஸ்துமா, நாள்பட்ட நெஞ்சுச்சளி உள்ளவர்களும் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுகிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் போடக்கூடாது. எங்கள் மாமாவுக்கு அந்தக் கடைசி வகைக் குறட்டை. அதனால் அவர் பக்கம் அதை நான் கொண்டுபோகவே இல்லை, கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

அடுத்தது குளிர்ச்சித் தலையணை. ஜெல் தொட்டவுடன் சில்லென்று இருப்பது உண்மை. கையில் உள்ள சூட்டை அது பஞ்சைவிட வேகமாக உறிஞ்சுகிறது. ஆனால் உறிஞ்சிய சூடு எங்கே போகும்? கீழே நுரை, மேலே தலை. கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் தலையின் சூட்டுக்கு வந்துவிடும், அத்தோடு சரி. உறையில் உருகும் மெழுகுத் துகள்கள் வைத்த விலை கூடிய வகைகளும் உண்டு. அவை பெரும்பாலும் 28 முதல் 30 பாகைக்குள் உருகி, உருகும்போது கொஞ்சம் அதிகச் சூட்டை வாங்கிக்கொள்ளும். எல்லாம் உருகி முடிந்ததும் அவையும் வெறும் துணிதான். "இரவு முழுக்கக் குளிர்ச்சி" என்பது மின்சாரமோ ஓடும் நீரோ இல்லாத எந்தத் தலையணையாலும் முடியாத காரியம்.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தத் தலையணைகளின் நுரை சூட்டில் இளகி, குளிரில் இறுகும் வகை. தைமாத இரவில் விரலால் அழுத்தினால் பலகை மாதிரி நின்றது. மாமி தலை வைத்துப் படுத்துக் கொஞ்ச நேரம் போன பிறகுதான் இளகியது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ வெக்கையில் படுப்பவர்களுக்குத் தூங்கப் போகிற நேரத்தில் அந்தச் சில்லிப்பு சுகமாக இருக்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும் பெண்களும் ஆசுவாசமாக இருக்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம். மலையில், குளிரால் தூக்கம் வராத ஒருவருக்கு இதில் ஒன்றுமே இல்லை.

கைப்பட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அசையாமல் படுத்திருந்தால் அது தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். மாமி கண்ணை மூடி அசையாமல் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தையும் தூக்கக் கணக்கில் சேர்த்திருந்தது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எழுந்தோம் என்பதற்குச் சரி. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்ற கணக்கை நம்பிக் கவலைப்பட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு அலமாரியில் கிடந்த பழைய ரப்பர் சுடுதண்ணிப் போத்தலை எடுத்தேன். அதன் கழுத்துக்குக் கீழே பூ மாதிரி ஒரு வட்டம் இருக்கும், நடுவில் உள்ள இலக்கம் தயாரித்த ஆண்டு. எங்களுடையது பத்து வருசத்துக்கு மேல் பழசு. அதை வீசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், ஏனென்றால் பழைய ரப்பர் மடிப்பில் வெடித்தால் வெந்துவிடும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, மிச்சக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு துணி உறை போட வேண்டும்.

மாமிக்கு நீண்ட நாளாகச் சீனி வருத்தம், உள்ளங்கால் பாதி மரத்துப்போயிருக்கிறது. அவர் காலில் போத்தலைக் கட்டிக்கொண்டு படுத்தால் தோல் வேகிறதே தெரியாது. அதனால் எட்டரைக்குப் போத்தலைக் கம்பளிக்குள் கால்மாட்டில் வைப்பேன். ஒன்பதுக்கு அவர் படுக்கும்போது வெளியே எடுத்துவிடுவேன். படுக்கைதான் சூடாக இருக்கும், காலில் போத்தல் படாது. பாதத்துக்குத் தளர்வான கம்பளிக் காலுறை. இறுக்கமான காலுறை ரத்த ஓட்டத்தைத் தடுத்து வேலையைக் கெடுக்கும்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு வாரம் வைத்து, காலையில் அவர் சொன்னதைக் கொப்பியில் குறித்தேன். எடைப் போர்வை வாரம் பழையபடி பதினொன்று. தலையணை வாரமும் அப்படியே. சுடுதண்ணி வாரத்தில் முதல் இரண்டு இரவு மாற்றமில்லை, பிறகு பத்து மணிச் செய்தி ரேடியோவில் ஓடும்போதே தூங்கியிருந்தார். ஒரு வீட்டில் ஒருவரிடம் பார்த்ததுதான் என்றாலும், பாசல் ஆய்வு சொல்கிற திசையில்தான் இருக்கிறது. போத்தல் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி, தூங்கப்போக ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் பத்து நிமிடம் 40 முதல் 42 பாகைச் சுடுநீரில் குளிப்பது அல்லது கால் வைப்பது. இதைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ம் ஆண்டு அலசலில், தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வந்திருக்கிறது. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தண்ணீரை வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொன்ன பிறகே கால் வைக்க வேண்டும்.

ஏழு கிலோ போர்வை இப்போது ஹட்டனில் என் தங்கச்சியிடம் இருக்கிறது. 65 கிலோ எடை, பதற்றத்துக்கு மருந்து எடுக்கிறாள், வைத்தியரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். மெல்லிய கம்பளி ஒன்றைப் போர்த்தி உடம்பு சூடான பிறகு அதன் மேல் இதை இழுத்துப்போடுகிறாள். தோள் வரைதான், கழுத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. அவளுக்குப் பிடித்திருக்கிறது. தலையணையைத் திருகோணமலையில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பிவிட்டோம்.