உப்புக்காற்று அடிக்கும் கேட்டுக்கு எந்தப் பூட்டு?

மும்பை மாஹிமில் எங்கள் கட்டடத்துக்கு இரண்டு கேட். ஒன்று தெருப்பக்கம், இன்னொன்று பின்னால் கடலைப் பார்த்தபடி. இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு வாங்கி மாட்டினோம்: எஃகுத் தகடுகளை அடுக்கி ஆணி அடித்த உடல், 10 மி.மீ. வளையம். தெருப்பக்கத்துப் பூட்டு மூன்று மழைக்காலம் தாங்கியது. கடல்பக்கத்துப் பூட்டு முதல் செப்டம்பரிலேயே திறக்க மறுத்தது. கிரைண்டர் வைத்து அறுத்தோம்.

அறுத்ததைப் பிரித்துப் பார்த்தேன். வளையம் நன்றாகவே இருந்தது. தகடுகளுக்கு நடுவே இறங்கிய தண்ணீர்தான் வெளியேறாமல் தங்கியிருக்கிறது. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த உப்பல் உள்ளே இருக்கும் தாழை நெருக்கிப் பிடித்துக்கொண்டது. தகடு அடுக்கிய பூட்டு சுத்தியலுக்கு நன்றாகத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் கடல் பார்த்த கேட்டுக்கு நான் இனி வாங்க மாட்டேன்.

அடுத்தது, கடைகளில் அதிகம் விற்கும் ரகம்: பித்தளை உடல், குரோம் பூசிய கடின எஃகு வளையம். பித்தளைக்குத் துரு கிடையாது. கறுக்கும், பச்சை பூக்கும், ஆனால் வேலை செய்யும். சிக்கல் வளையத்தில் இருக்கிறது. திறந்து மூடும்போது, வளையம் உடலுக்குள் நுழையும் இடத்தில் குரோம் உரசிப் போகும். மழைத்தண்ணீர் தேங்குவதும் அந்தத் துளையில்தான். உப்புத் தண்ணீரில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டு இருந்தால் எஃகுதான் சீக்கிரம் அரிபடும். அதனால் மேல் வளைவு பளபளவென்று இருக்கும்போதே வளையத்தின் கால்களில் பழுப்புக் கோடு தெரியும். அதைப் பார்த்ததும் கவனிக்க வேண்டும். சாவி இறுகிய பிறகு பார்த்தால் தாமதம்.

மூன்றாவது, பித்தளை உடலோடு துருப்பிடிக்காத எஃகு வளையம். இதில் 304, 316 என்று இரண்டு தரம் உண்டு. 316-இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பு உண்டாக்கும் குழிகளை அது நன்றாக எதிர்க்கும். 304-இல் கடலோரத்தில் டீக்கறை மாதிரி படியும். ஆனால் இந்த இரண்டையும் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. ஒரே தடிமனில், கடின எஃகைவிட இதைக் கட்டர் சுலபமாகக் கடித்துவிடும்.

தடிமன் முக்கியமாவது இங்கேதான். வெட்டுபவன் வெட்ட வேண்டியது கம்பியின் குறுக்குப் பரப்பை. 6 மி.மீ. என்றால் சுமார் 28 சதுர மி.மீ., 8 என்றால் 50, 10 என்றால் 79. எட்டிலிருந்து பத்துக்குப் போனால் இரண்டு மில்லிமீட்டர்தான் கூடுகிறது, வெட்டும் வேலையோ பாதிக்கு மேல் கூடுகிறது. அதனால் துருப்பிடிக்காத வளையம் என்றால் பத்துக்குக் குறைந்து எடுக்காதீர்கள். கடின எஃகுக்கு எட்டே ஓரளவு போதும். அதேபோல கேட்டின் கொண்டியையும் பாருங்கள். அது மெல்லிய தகடு என்றால், 12 மி.மீ. வளையம் போட்டும் திருடன் பூட்டைத் தொடாமல் கொண்டியை வளைத்துவிடுவான்.

பித்தளை என்று கொடுப்பதெல்லாம் பித்தளை இல்லை. தாராவியில் இரும்புக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி எனக்குச் சொல்லிக் கொடுத்தது: "தம்பி, அடியில ஆணியால ஒரு கீறல் போட்டுப் பாருங்க. மஞ்சளா இருந்தா எடுங்க, வெள்ளையா இருந்தா வச்சிடுங்க." வெள்ளை என்றால் துத்தநாகக் கலவைக்கு மேல் பூச்சு. உப்புக்காற்றில் அது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். வளையத்துக்குக் காந்தம் போதும். கடின எஃகில் பச்சென்று ஒட்டும். 304, 316 இரண்டிலும் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். இரண்டில் எது என்று காந்தம் சொல்லாது. அதற்கு அட்டையில் 316 என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? தெருக் கேட்டுக்குப் பித்தளை உடல், 10 மி.மீ. கடின எஃகு வளையம். அங்கே கட்டர் பயம்தான் பெரிது. துரு மெதுவாகத்தான் வரும். கடல்பக்கத்துக் கேட்டில் பித்தளை உடல், 316 வளையம், அதுவும் பத்து. அதைச் சாவித்துளை கீழே பார்க்க, தண்ணீர் வடியும்படி தொங்கவிட்டோம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, துளையிலும் கால்களிலும் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கிறோம். தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அது உப்பையும் தூசியையும் பிடித்து உள்ளே பிசினாக்கிவிடும்.