ஹேஷ் எடுத்து வருஷா வருஷம் சரிபார்ப்பது: நீண்டநாள் அனுபவம்

புதிதாக 4 டிபி டிஸ்க் வாங்கிய நண்பர், "நீங்கள் ஹேஷ் எடுத்து வைப்பீர்களே, அது உருப்படியான வேலையா?" என்று கேட்டார். போனில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லாததால் இங்கே எழுதுகிறேன். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி, உள்ளே ஒரு பிட் மாறினாலும் அதுவும் மாறிவிடும்.

என் சேகரத்தில் இருப்பவை வீட்டுப் பழைய போட்டோக்கள், பத்திரங்கள், சிற்றிதழ்களின் ஸ்கேன்கள். கருவி என்று தனியாக எதுவும் இல்லை, லினக்ஸில் இருக்கும் `sha256sum`தான். முதலில் ஒரு பட்டியல், பிறகு வருஷத்துக்கு ஒரு சோதனை:

```
find . -type f -print0 | xargs -0 sha256sum > ../manifest.txt
sha256sum -c --quiet ../manifest.txt
```

யுஎஸ்பி டிஸ்க் நொடிக்கு 120 எம்பி படித்தால் 4 டிபிக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். எம்டி5 என்ற இலகுவான ஹேஷுக்கு மாறினால் சீக்கிரம் முடியுமா என்று கேட்காதீர்கள். தாமதம் டிஸ்கால், கணக்கால் அல்ல. இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம், அது எனக்குப் பிரச்சினையே இல்லை.

என்னைக் கடுப்பேற்றுவது போட்டோ மேலாண்மை மென்பொருள். ஒரு படத்துக்கு 'அத்தை' என்று டேக் போட்டால், சில மென்பொருள்கள் அதை ஜேபெக்குக்குள்ளேயே எழுதிவிடும். ஹேஷ் மாறிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் திரை முழுக்க `FAILED`. நாமே மாற்றியதா, தானாகக் கெட்டதா என்று ஹேஷ் சொல்லாது. மாறிய தேதியைப் பார்த்துப் பிரிக்கலாமென்றால், பழைய தேதியையே திரும்பப் போட்டுவைக்கும் மென்பொருளும் உண்டு.

அதனால் பட்டியலோடு கோப்பின் அளவையும் குறித்துவைக்கிறேன். டேக் எழுதினால் பெரும்பாலும் அளவு மாறும். பிட் புரண்டால் ஒரு பைட்டும் கூடாது, குறையாது. தலைப்பகுதியில் காலியிடம் விட்டு எழுதும் மென்பொருள்கள் இந்த வித்தையையும் தோற்கடிக்கும். ஆனால் அப்படிப்பட்டவை சிலதான் மிஞ்சும், அவற்றைக் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி மிஞ்சியதில் ஒன்று, யாரும் தொடாத ஒரு டிஃப் ஸ்கேன். டேக் கிடையாது, அளவும் தேதியும் அப்படியே. பேக்கப் டிஸ்கில் இருந்த பிரதி பட்டியலோடு பொருந்தியது. இரண்டையும் ஒப்பிட்டேன்:

```
$ cmp -l backup/scan_0412.tif main/scan_0412.tif
18874921 101 141
```

முழுக் கோப்பிலும் ஒரே ஒரு பைட். முதல் எண் அந்த பைட்டின் இடம், மற்ற இரண்டும் அதன் மதிப்புகள், எட்டின் அடிமானத்தில் இருக்கின்றன: 101 என்பது 65, 141 என்பது 97. வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. சுருக்கப்படாத டிஃப் என்பதால் ஒரு புள்ளியின் நிறம்தான் மாறியிருந்தது, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இதே ஜேபெக்காக இருந்தால் அந்த இடத்திலிருந்து கீழே முழுக்கப் படம் குழம்பியிருக்கலாம். நியாயமாகச் சொன்னால், அன்றைக்கு இந்த முறைமேல் எனக்குக் காதலே வந்துவிட்டது.

திரும்பத் திரும்பப் படித்தும் அதே இடம், அதே மதிப்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் என்றால் இப்போதைய ராமையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். இது டிஸ்கிலேயே பதிந்த பிழை. ஆனால் டிஸ்க் செய்த பிழை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு செக்டரிலும் டிஸ்க் தன் திருத்தக் குறியீட்டை வைத்திருக்கிறது. முடிந்தால் திருத்தும், முடியாவிட்டால் படிக்க முடியவில்லை என்று கத்தும். சத்தமில்லாமல் ஒற்றைப் பிட்டைப் புரட்டித் தருவது அதன் வழக்கம் இல்லை. பழைய டிஸ்கிலிருந்து இதற்கு நகலெடுத்தபோது ராமில் புரண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் சோதனை தேவைப்படுவது ஆண்டு முடிவில் அல்ல, நகலெடுத்த அன்றைக்கே. அதையும் டிஸ்கைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ராமில் தங்கியிருக்கும் நகலையே படித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

இன்னொன்று: ஹேஷ் எதையும் சரிசெய்யாது. மீட்டது பேக்கப் பிரதி. அந்தப் பிரதி பிழைத்ததற்குக் காரணம், நான் பேக்கப் எடுக்கும் `rsync` வழக்கமாக அளவையும் தேதியையும் மட்டும் பார்ப்பது. கெட்ட கோப்பு மாறாததுபோலவே இருந்ததால் அதைத் தொடவில்லை. கவனமாக இருக்கிறோம் என்று உள்ளடக்கத்தையே ஒப்பிடும் `-c` போட்டு ஓட்டியிருந்தால், கெட்டதை எடுத்து நல்லதன்மேல் எழுதியிருக்கும்.

இப்போது டேக்குகளைத் தனி எக்ஸ்எம்பி கோப்பில் எழுதவைத்து, மூலப் படங்களை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டேன். பொய் அலாரம் வெகுவாகக் குறைந்தது.

சரி, நண்பருக்கான பதில்: வேண்டாம். இரண்டாவது பிரதி இல்லாதவருக்கு இது கெட்டுப்போனதை அறிவிக்கும் தண்டோரா மட்டுமே. முதலில் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள். படங்களில் தினமும் டேக் போட்டு விளையாடுபவர் என்றால் அப்போதும் வேண்டாம், பட்டியலைப் பார்த்து எரிச்சலில் விட்டுவிடுவீர்கள். நான் இந்த வருஷமும் ஓட்டத்தான் போகிறேன்.