அம்மாவின் முகத்தைத் துடைத்து எடுத்துவிட்டு "ரீடச்" என்கிறார்கள்: நாலாயிரம் போச்சு

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆன்லைனில் போட்டோ ரீடச் செய்து தருவதாக விளம்பரம் போடும் தளம் ஒன்றில் நாலாயிரம் கொடுத்து ஏமாந்து நிற்கிறேன். பெயர் போடவில்லை. இதே மாதிரித் தளங்கள் நிறைய இருக்கின்றன. வேலை எப்படிக் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் எந்தத் தளமானாலும் பிடித்துவிடலாம்.

அம்மாவுக்கு 78 வயது. ஜன்னலோரம் உட்கார வைத்து நானே எடுத்த படம், பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்டுவதற்காக. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் கண்ணுக்குக் கீழே பை போல இறங்கும் இடத்தில் நிழல் தூக்கலாகத் தெரிந்தது. இடது கன்னத்து வயதுப் புள்ளிகளும் நேரில் இருப்பதைவிடக் கருப்பாக விழுந்திருந்தன. நான் கேட்டது இவ்வளவுதான்: புள்ளிகள் கொஞ்சம் மங்கட்டும், கண்ணுக்குக் கீழே கருப்பு குறையட்டும், சுருக்கம் அப்படியே இருக்கட்டும், மேலுதட்டுக்கு மேலே உள்ள மச்சத்தைத் தொடவே வேண்டாம். எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பினேன்.

சாட்டில் பேசியவர் சொன்ன பதிலில்தான் நம்பிக்கையே வந்தது. "சிரிக்கும்போது கண்ணோரத்துல விழுற கோடுதான் மேடம் அம்மாவோட முகமே. அதுல நாங்க கையே வைக்க மாட்டோம்" என்றார். கண்ணோரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை, அவராகவே சொன்னார். கூடவே ஒரு முதியவரின் படத்தை முன், பின் என்று சாம்பிளாக அனுப்பினார். நெற்றிக் கோடுகள் எல்லாம் அழகாக அப்படியே இருந்தன. முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார்கள். அந்த நிமிடமே நாலாயிரம் அனுப்பினேன்.

வந்த படத்தில் இருந்தது அம்மா இல்லை. கன்னம் வழவழவென்று மெழுகுப் பொம்மை மாதிரி. கண்ணுக்குக் கீழே பையும் இல்லை, நிழலும் இல்லை, கண்கள் இரண்டும் முகத்தில் ஒட்டாமல் தனியாக மிதந்தன. மச்சத்தைக் காணோம்! கழுத்தும் மடியில் இருந்த கைகளும் மட்டும் 78 வயதிலேயே இருந்தன. முகத்துக்கு ஐம்பது, கைக்கு எண்பது. அம்மாவிடம் காட்ட எனக்கு மனசே வரவில்லை.

கேட்டதற்கு முதலில், "உங்க மொபைல் ஸ்கிரீன்ல அப்படித் தெரியும் மேடம், பிரின்ட்ல சரியா வரும்" என்றார்கள். பிறகு, "வயசானவங்க படத்துக்கு எல்லாருமே இப்படித்தான் கேப்பாங்க" என்றார்கள். நான் கேட்டது வேறு என்று என் பழைய மெசேஜையே திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு திருத்திய படம் என்று ஒன்று வந்தது. அதே மழமழப்புக்கு மேலே புள்ளி புள்ளியாக ஏதோ தூவியிருந்தார்கள். அதையும் ஏற்க மாட்டேன் என்றதும் "ரிவிஷன் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்று ஒரே வரி. பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பிளாக் செய்துவிட்டார்கள். நாலாயிரம் கொடுத்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது.

ரீடச் வேலையையே தொழிலாகச் செய்யும் தோழியிடம் இரண்டு ஃபைலையும் கொடுத்தேன். 100% ஜூமில் வைத்துக் காட்டினாள். முதல் படத்தில் முகம் முழுவதையும் பிளர் செய்திருக்கிறார்கள், தோலின் துளைகள் எல்லாம் போய்விட்டன. இரண்டாவது படத்தில் அதை மறைக்க நாய்ஸ் என்ற பொடிப் புள்ளிகளைச் சேர்த்திருக்கிறார்கள். நிஜத் தோலில் துளைகள் மூக்குப் பக்கம் பெரிதாகவும் மற்ற இடங்களில் சன்னமாகவும் இருக்கும். இதிலோ கன்னம், உதடு, கண்ணின் வெள்ளை என்று எல்லா இடத்திலும் ஒரே அளவுப் புள்ளி. இன்னொன்றும் காட்டினாள். கண்ணுக்குக் கீழே கன்னத்துத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குக் கீழே இருப்பது மிக மெல்லிய தோல், அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் ஓடும். கன்னத்துத் தோல் தடிப்பானது. ஒட்டுப் போட்டது என்று தொழில் தெரியாதவர்களுக்கும் உறுத்தும், காரணம்தான் சொல்லத் தெரியாது.

பிறகு போட்டோஷாப்பில் ஒரிஜினல் படத்தைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தே செய்து காட்டினாள்.

மச்சமும் புருவத்துத் தழும்பும் என்றைக்கும் முகத்தோடு இருப்பவை, அவற்றைத் தொடவில்லை. சின்னப் புள்ளிகளுக்கு மேலே கண்ணாடித் தாள் விரித்த மாதிரி ஒரு காலி லேயர் போட்டு, ஹீலிங் பிரஷில் Sample என்ற இடத்தில் Current & Below வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே உள்ள தோலிலிருந்து எடுத்து மறைத்தாள். அதோடு விடவில்லை. அந்த லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று வைக்கும் ஒபாசிட்டியைப் பாதிக்குக் குறைத்தாள். மறைத்த புள்ளிகள் மறுபடி லேசாக எட்டிப் பார்த்தன. "புள்ளி போகக் கூடாதுடி, அது மேல கண்ணு போய் நிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். கன்னத்தில் இருந்த பெரிய புள்ளியை ஹீலிங் பிரஷால் தொடவே இல்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றைப் போட்டு, மற்ற இடங்களை மாஸ்க்கால் மறைத்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, பழுப்பு நிறத்தின் அடர்த்தியைக் குறைத்தாள். நிறம் மட்டும் மாறியது, தோலின் துளைகள் அப்படியே இருந்தன.

கண்ணுக்குக் கீழேதான் அதிக நேரம் எடுத்தாள். அங்கே நிறம், நிழல், மடிப்பு என்று மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றையும் ஒன்றாக நினைத்து அழிப்பதால்தான் முகம் செத்துப்போகிறது என்றாள். முதலில் நிறம்: ஊதா கலந்த அந்தக் கருமைக்கு மேலே நிறத்தை மட்டும் மாற்றும் Color மோடில் வைத்த புது லேயரில், கன்னத்து நிறத்தை எடுத்து மெல்லிய பிரஷால் லேசாகப் பூசினாள். அடுத்து நிழல்: இன்னொரு கர்வ்ஸ் லேயர், ஒரு தடவலில் பிரஷ் எவ்வளவு பூசும் என்ற ஃப்ளோ மிகக் குறைவு, பைக்கு அடியில் இருட்டாக இருக்கும் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினாள். பாதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். பை என்பது முன்னே உப்பியிருக்கும் பகுதி, அதற்குக் கீழே நிழல் விழுந்தே ஆக வேண்டும், முழுசாக எடுத்தால் முகம் தட்டையாகிவிடும். மடிப்பில் அவள் கை வைக்கவில்லை. அம்மாவின் சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகப் படத்தை ஸ்கிரீனில் சின்னதாக்கி, செய்த லேயர்களை அணைத்து அணைத்துப் போட்டாள். ஏதோ மாறுகிறது, ஆனால் என்ன மாறுகிறது என்று சட்டென்று சொல்ல வரவில்லை. அந்த அளவில்தான் விட வேண்டுமாம். ஆள் மாறியது போலத் தெரிந்தால் ஒபாசிட்டி இன்னும் கீழே வர வேண்டும். அம்மாவிடம் காட்டினேன். "நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கேன்" என்றாள்.

விவரமாக ஆலோசனை எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது செய்யுங்கள். முழுப் பணத்தை முன்னாடியே கொடுக்காதீர்கள், நாலாயிரம் போன வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். உங்கள் படத்திலேயே ஒரு கண்ணும் கன்னமும் மட்டும் செய்து, 100% அளவில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் தோலின் துளைகள் தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாமல் தனித்தனியாக வைத்த ஃபைல் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். ஜேபெக் மட்டும்தான் என்றால் பின்னால் ஒபாசிட்டியைக் குறைக்க வழியில்லை. சாம்பிள் படம் காட்டினால் முகத்தைப் பார்க்காமல் பின்னணியைப் பாருங்கள். "முன்" படத்தில் சுவர்கூட இருட்டாக இருந்து "பின்" படத்தில் அதுவும் வெளிச்சமாகியிருந்தால், மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிட்டு ரீடச் என்று காட்டுகிறார்கள். எனக்கு வந்த சாம்பிளை இப்போது திறந்து பார்த்தேன். "முன்" படத்தில் சுவர் இருட்டாகத்தான் இருக்கிறது.